சம்பங்கியில் முடிந்த சண்டை

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்கா வீட்டுக் கூடத்தில் அலங்காரக்காரர் கொடுத்த கொட்டேஷன் தாள் கிடந்தது. கடைசி வரியில் 3,40,000 ரூபாய். அக்கா மகளுக்கு வைகாசியில் கல்யாணம், திருச்சியில் மண்டபம். தாளைப் பார்த்த அத்தான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கோபத்துக்கு அதுதான் அடையாளம்.

கல்யாணப் பெண் தன் செல்போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். வெள்ளைத் துணி, வெளிர் ரோஸ் பூக்கள், நடுவில் ஒரு வளையம். எங்கள் அம்மா, அவளுக்கு அம்மாச்சி, படத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "மேடை முழுக்க வெள்ளத் துணியக் கட்டி, அதுல புள்ளைய உக்கார வைப்பீங்களா?" போதாக்குறைக்கு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து முந்தின நாள் சம்பந்தியம்மா பேசியிருந்தார். அவர்கள் மூத்த பையன் கல்யாணத்தில் மேடைப் பூ முழுக்க நிஜப் பூவாம். இதிலும் பிளாஸ்டிக் பூ இருக்கக் கூடாதாம், பின்னால் எல்இடி திரையும் வேண்டுமாம்.

ஆக, ஒரே மேடைக்கு நான்கு பேர். பெண்ணுக்கு ரசனை, பாட்டிக்கு முறை, அப்பாவுக்குப் பணம், சம்பந்திக்குக் கௌரவம். நால்வர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாய்மாமன் என்ற முறையில், "நீ பேசி முடிடா தம்பி" என்று அக்கா என் தலையில் கட்டினாள். அதற்கு முன் இரண்டு கல்யாணங்களில் இதே வேலையைச் சொதப்பியவன் நான். இந்த முறை செய்ததை எழுதுகிறேன், இதிலும் ஒரு சொதப்பல் உண்டு.

முதல் தவறு படத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவது. படத்தைக் காட்டிவிட்டால் பேச்சு "நல்லாருக்கு, நல்லால்ல" என்பதிலேயே நிற்கும், அதற்கு முடிவே கிடையாது. அதனால் எல்லோருடைய போன்களையும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அத்தானை மட்டும் திண்ணைக்கு அழைத்துப் போனேன். அலங்காரத்துக்கு என்று அதிகபட்சம் எவ்வளவு ஒதுக்க முடியும், கடன் வாங்காமல், நகைக் கணக்கைத் தொடாமல்? அவர் யோசித்து 1,25,000 என்றார். அன்று மாலையே சம்பந்தியிடமும் தனியாக அதே கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்னது ஒரு லட்சம். இரண்டும் சேர்ந்தால் 2,25,000. நான் வீட்டில் சொன்ன எண் 2,20,000.

தனித்தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பத்துப் பேர் நடுவில் கேட்டால் யாரும் தன் உண்மையான எண்ணைச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் வீம்புக்கு ஏற்றிச் சொல்வார், இன்னொருவர் பேரத்துக்கு இறக்கிச் சொல்வார். பிறகு அந்தப் பொய் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சண்டை நடக்கும்.

இந்த எண்ணுக்குள் எது வரும், எது வராது என்பதையும் அன்றே எழுதினோம். கல்யாணத்தில் பூ என்ற சொல் நான்கு கணக்குகளில் ஒளிந்திருக்கும். மேடைப் பூ ஒன்று. மணமக்கள் மாலையும் பெண்ணின் ஜடைப் பூவும் இன்னொன்று. ஐயர் கேட்கும் உதிரிப்பூவும் சரமும் மூன்றாவது. வரவேற்பில் பெண்களுக்குக் கொடுக்கும் மல்லிகை நான்காவது. இவற்றை யார் வாங்குவது என்று பேசாமல் விட்டால், எல்லாம் அலங்காரக்காரர் கொண்டுவருவார் என்று வீட்டார் நினைப்பார்கள், வீட்டார் கொண்டுவருவார்கள் என்று அலங்காரக்காரர் நினைப்பார். விடியற்காலை நாலரைக்கு உதிரிப்பூ தேடி யாராவது ஸ்கூட்டரில் ஓடுவார்கள். நாங்கள் மேடைப் பூவை மட்டும் இந்தக் கணக்கில் வைத்தோம். மற்ற மூன்றையும் சித்தப்பா பொறுப்பில், தனிக் கணக்கில் விட்டோம்.

அடுத்து அம்மாச்சி. அவரிடம் "இது வேணுமா, அது வேணுமா" என்று யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முறைப்படி கட்டாயம் இருக்க வேண்டியது என்னென்ன என்று அவர் சொல்லச் சொல்ல, கல்யாணப் பெண்ணையே எழுத வைத்தேன். வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம். மாவிலைத் தோரணம், குருத்தோலைத் தோரணம். மேடையில் அரசாணிக்கால். முளைப்பாலிகை. சுண்ணாம்பும் செங்காவியும் பூசிய அடுக்குப்பானை. இரண்டு குத்துவிளக்கு, நிறைகுடம், மாக்கோலம். தாலி கட்டும் இடத்தில் பிளாஸ்டிக் பூ கூடாது. வெள்ளைத் துணியும் கறுப்புத் துணியும் கூடாது. மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். இவ்வளவுதான், ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

பட்டியலை எழுதி முடித்தவளே நிமிர்ந்து பார்த்து, "மாமா, இதுல எதுவும் என் டிசைனோட மோதலையே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நான் முதல் இரண்டு கல்யாணங்களில் கவனிக்காமல் விட்டதும் அதைத்தான். முறை கேட்கும் பொருள்கள் எல்லாம் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்துக்குள், மணவறையைச் சுற்றிப் பத்தடி இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வாசலில் மட்டும் கொஞ்சம் மேலே போகும். விலையும் பெரிதில்லை. ரசனை கேட்பவை எல்லாம் பின்புறத்தில், தலைக்கு மேலே இருக்கின்றன. பணமும் அங்கேதான் போகிறது. மோதிய இடம் ஒன்றே ஒன்று, வெள்ளைத் துணி.

அந்த ஒன்றுக்காக அரைமணி நேரம் பேசினோம். அம்மாச்சியைத் தோண்டிக் கேட்டதில், அவருக்கு வெள்ளை நிறத்தின் மேல் கோபமில்லை, துணியின் மேல்தான். வெள்ளைப் படுதா என்றால் அவர் நினைவுக்கு வருவது வேறு காரியம். "வெள்ளப் பூவ யாரு வேணாங்குறா? மல்லிய என்ன மஞ்சளாவா பூக்குது?" என்றார். பெண்ணிடம் கேட்டதில், அவளுக்கு வேண்டியது துணி இல்லை, வெளிர் நிறத் தோற்றம். அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. துணி சந்தன நிறம், வெள்ளை பூவில் வரும். எந்தப் பூ? அத்தை ஒருத்தர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "சம்பங்கிய விட்டுட்டு என்ன பேசுறீங்க?"

சம்பங்கி வெள்ளை, ஆகவே பெண்ணுக்குப் பிடித்தது. கோயில் மாலைக்கும் கல்யாண மாலைக்கும் போகும் பூ, ஆகவே அம்மாச்சிக்கும் சம்மதம். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும், ஆகவே அத்தானுக்குக் கசக்கவில்லை. மாலையில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலை வரை முகம் வாடாது, இது எனக்குப் பிடித்தது. மல்லிகை அப்படியில்லை. மாலையில் மலர்ந்து மணக்கும், காலையில் பழுத்து நிறம் மாறிவிடும். மேடைக்கு அது பணத்தைக் கொட்டும் வழி.

இனி சம்பந்தி. முழுக்க நிஜப் பூ என்று அவர் கேட்டதை மறுக்காமல், ஒரு நாள் இரு வீட்டாரும் மண்டபத்தில் சந்தித்தோம். மேடை 36 அடி அகலம். பின்புறம் கட்டும் சட்டம் 12 அடி உயரம். மேடை நடுவில் இரண்டு பேரை நிற்க வைத்து, இருபுறமும் நாலு நாலு பேரை நிறுத்தி, வரவேற்பில் போட்டோ எடுப்பதுபோல் போனில் ஒரு படம் எடுத்தோம். சட்டத்தில் பதினாறு அடிக்கு மேல் படத்துக்குள் வரவில்லை. உயரத்தில் எட்டு அடிக்கு மேல் தெரிந்தது வெறும் விளிம்பு. மேடை ஏறி வருகிறவர் கை நீட்டித் தொடுவதும் அந்தப் பகுதியைத்தான். அந்தப் பதினாறுக்கு எட்டு அடியில் ஒரு செயற்கைப் பூகூட இருக்காது என்று முடிவானது. அதற்கு வெளியே துணி, விளக்கு, செயற்கை இலை. சம்பந்தியம்மா இரண்டாம் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "மேல எது இருந்தாலும் தெரியாது, சரி" என்றார். வார்த்தையில் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பூவைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

எல்இடி திரை விஷயம் இன்னும் சுலபம். போட்டோக்காரருடைய பேக்கேஜிலேயே ஒரு திரை இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அதை மேடைக்குப் பின்னால் வைக்காமல் ஹாலின் பக்கவாட்டில் வைத்தால் பின்வரிசைக்காரர்கள் தாலி கட்டுவதைப் பார்க்கலாம் என்றார் மாப்பிள்ளை. பையன் விவரமானவன்.

பிறகு இடங்களைப் பிரித்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஆள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வாசல் அம்மாச்சியுடையது. வரவேற்பு மேடையின் நிறமும் வடிவமும் மணமக்களுடையவை. முகூர்த்த மேடை அக்காவும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து. செலவு ஏறினால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அத்தானுக்கு, எல்லா இடத்திலும். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு "வேண்டாம்". அம்மாச்சி தன்னுடையதை வெள்ளைத் துணிக்குச் செலவழித்துவிட்டார். கல்யாணப் பெண் தன்னுடையதை, ஓடி ஓடி எரியும் சீரியல் விளக்குக்குப் பயன்படுத்தினாள். சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒரே ஒரு மறுப்புதான் கையில் என்றால் மனிதர்கள் அதைச் சில்லறை விஷயத்தில் வீணாக்குவதில்லை.

பழைய கொட்டேஷனில் வரவேற்பு மேடைக்கு 1,20,000, முகூர்த்த மேடைக்கு 85,000 என்று தனித்தனியாக இருந்தது. இதில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், இரண்டும் ஒரே மேடையில். ஒரு மேடையைக் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து, இன்னொன்றைக் கட்டுவதற்கு இரண்டு மேடைக் காசு. சட்டம், துணி, விளக்கு மூன்றையும் பொதுவாக வைத்து, பூவை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று அலங்காரக்காரரைக் கேட்டோம். அவர் முதலில் தயங்கினார். பிறகு கணக்குப் போட்டுப் பொது வேலைக்கு 60,000, வரவேற்புப் பூவுக்கும் சோபாவுக்கும் 58,000, முகூர்த்தப் பூவுக்கும் ராத்திரிக் கூலிக்கும் 52,000 என்று கொடுத்தார். அதிலேயே 35,000 குறைந்தது. ஹால் நடுவில் நடைபாதைத் தூண்களுக்குப் போட்டிருந்த 50,000-ஐ முழுக்க எடுத்துவிட்டு, வாசலருகே பூ மிதக்கும் உருளிகளுக்கு 6,000 மட்டும் வைத்தோம். நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகு அந்தத் தூண்களை யாரும் பார்ப்பதில்லை, வழிதான் மறிக்கும். வாசலுக்கு 45,000 கேட்ட பெயர்ப்பலகை வளைவு போய், வாழையும் தோரணமுமாக 18,000. செல்ஃபி எடுக்கும் மூலை 25,000-லிருந்து 8,000 ஆனது, அதுவும் குருத்தோலைப் பின்னல்தான். மேற்கூரைத் துணிக்குப் போட்ட 15,000 வேண்டாம் என்று ஐயரே சொல்லிவிட்டார். ஓமம் வளர்க்கும் இடத்துக்கு மேலே நெட் துணி தொங்கக் கூடாது. புகை தேங்கும், பொறி பட்டால் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும்.

மிச்சம் 18,000 கையிருப்பு. பொதுச் செலவையும் கையிருப்பையும் பாதிப் பாதி, வரவேற்பு அவர்களுடையது, மற்றது நம்முடையது என்று பிரித்ததில் மாப்பிள்ளை வீட்டுக்கு 97,000, பெண் வீட்டுக்கு 1,23,000. இருவரும் சொன்ன எண்ணுக்குள் அடங்கியது.

அலங்காரக்காரரோடு எழுதிய ஒப்பந்தத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குள் தீர்ந்த சண்டை அங்கேதான் மறுபடி முளைக்கும். "ஃபுல் ஃப்ளவர் டெக்கரேஷன்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு அர்த்தமே இல்லை. எங்கள் தாளில் சம்பங்கி 20 கிலோ, ஆரஞ்சு செண்டுமல்லி 30 கிலோ, வெளிர் ரோஸ் நிற ரோஜா 60 கட்டு, கட்டுக்கு 20 பூ என்று இருந்தது. அடுத்த வரி அதைவிட முக்கியம்: ரோஜா கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் ஜெர்பரா, வேறு நிறம் கூடாது. வைகாசி, ஆவணி, தை மாதப் பெரிய முகூர்த்த நாள்களில் ஊரிலுள்ள எல்லா மண்டபமும் ஒரே பூவைத் தேடும். விலை ஒரே இரவில் ஏறும், சரக்கும் தட்டும். மாற்று எது என்று முன்பே எழுதாவிட்டால், அலங்காரக்காரர் கையில் கிடைத்ததைக் கட்டுவார். ரோஸ் மேடைக்குச் சிவப்பு வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பெண் அழுவாள், அவளைப் பார்த்து அக்கா அழுவாள், அலங்காரக்காரரைப் பரிந்துரைத்தவன் நான்.

சொன்னதுபோலவே ஆயிற்று. ஓசூரிலிருந்து வர வேண்டிய ரோஜாவில் நாற்பது கட்டுதான் வந்தது. மீதிக்கு ஜெர்பரா. தண்ணீர் ஊறிய ஃபோமில் செருகியிருந்ததால் வரவேற்பு முடியும்வரை தலை நிமிர்ந்தே நின்றது. ஃபோம் காய்ந்தால் ஜெர்பராவின் கழுத்து மடங்கிவிடும். ஐந்து மணிக்குக் கட்டிய மேடை எட்டு மணிக்குத் தலை குனிந்தால் காரணம் அதுதான்.

தாளில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. கல்யாணத்துக்கு ஏழு நாள் முன்பு வரைதான் மாற்றம். அதற்குப் பிறகு யார் புதிதாகக் கேட்கிறார்களோ அவர்கள் கையிலிருந்து காசு. அடுத்தது, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, முகூர்த்த மேடை தயாரான பிறகே கொடுக்கப்படும். வரவேற்பு மேடையைப் பிரமாதமாகக் கட்டிவிட்டு, ராத்திரி வேலைக்கு இரண்டு பையன்களை மட்டும் விட்டுவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விடுவது இந்தத் தொழிலில் நடக்கிற கதை. அந்த ஐந்தில் ஒரு பங்கு, ஆளை இருக்க வைக்கும்.

உண்மையில் இந்த ஏற்பாடு முழுதும் நின்றது அந்த ராத்திரியில்தான். வரவேற்பு பத்தேகாலுக்கு முடிந்தது. உறவினர்கள் கடைசிப் படம் எடுத்து இறங்க மணி பதினொன்று. முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை. ஐயர் நாலரைக்கு மேடை கேட்டிருந்தார். இடையில் ஐந்தரை மணி நேரம். பையன்கள் சோபாவை இறக்கினார்கள், ரோஸ் பூ செருகிய பலகைகளைக் கழற்றினார்கள். சம்பங்கிச் சரங்கள் அப்படியே நின்றன. அவற்றுக்கு இடையிடையே, முன்பே கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த செண்டுமல்லிச் சரங்களைக் கொக்கியில் மாட்டினார்கள். வெளிர் ரோஸில் இருந்த மேடை, இரண்டு மணிக்கெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாக மாறிவிட்டது. மாட்டுவதற்கு முன் சரத்தை உதறச் சொன்னேன். ஈரச் செண்டுமல்லி சந்தனத் துணியில் பட்டால் மஞ்சள் கறை விழும், விடியும்போது பளிச்சென்று தெரியும். அப்படியும் ஓரிடத்தில் விழுந்தது. அங்கே ஒரு வாழையிலைக் கொத்தைச் செருகி மறைத்தோம்.

அம்மாச்சி நாலு மணிக்கே எழுந்து குளித்து வாசலுக்கு வந்துவிட்டார். வந்தவர் தோரணத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குருத்தோலையில் மடித்த குருவிகள் தலைகீழாகத் தொங்கின. "மங்கலத்துக்கு நாலு குருவி, தலை மேல பாக்கணும். தல கீழ பாத்தா அது எதுக்குடா கட்டுறது?" எண்ணிப் பார்த்தால் குருவி நாலுதான் இருந்தது, கட்டிய பையன் கயிற்றைத் திருப்பிப் பிடித்துவிட்டான். பத்து நிமிடத்தில் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான். அவனுக்கு அந்த வித்தியாசமே தெரியாது, நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வாசல் பொறுப்பு வேறு யாரிடமாவது இருந்திருந்தால் அது அப்படியே தொங்கியிருக்கும், காலையில் வருகிற பெரியவர் யாராவது கண்டுபிடித்து, இரு வீட்டுக்கும் இடையில் புதிதாக ஒரு பேச்சைக் கிளப்பியிருப்பார்.

கையிருப்பில் கைவைக்க வேண்டி வந்தது மண்டபத்துக்காரரால். வெளி அலங்காரக்காரரைக் கொண்டுவந்தால் 5,000 கட்டணம், பூக்குப்பை அள்ள 2,500 என்று இரண்டு நாள் முன்பு சொன்னார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, எங்கள் சட்டம் தானே நிற்கும் வகை. இவற்றை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. மீந்த 10,500-ஐப் பாதியாகப் பிரித்து இரு வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்தேன். சம்பந்தி அந்த 5,250-ஐ வாங்கும்போது கொஞ்சம் திகைத்துத்தான் போனார். கல்யாணச் செலவில் பணம் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லையாம்.

இந்த முறை எல்லா வீட்டிலும் செல்லாது. பூவைச் சாக்காக வைத்து வேறு மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே நிறத்தை விட்டுக்கொடுத்தால் துணியில் குறை வரும், துணியை விட்டுக்கொடுத்தால் விளக்கில் வரும். மூன்றாவது விட்டுக்கொடுத்தலுக்கும் குறை வந்தால், பேச வேண்டியது அலங்காரத்தைப் பற்றி இல்லை என்று புரிந்துகொண்டு, பெரியவர்கள் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து உண்மையான விஷயத்தைப் பேசிவிடுவது நல்லது. இரு வீட்டு முறைகளும் வெவ்வேறாக இருந்தால், முறைப் பட்டியலை இரண்டு வீட்டிலும் தனித்தனியாக எழுதி வாங்கி, முகூர்த்த மேடையில் இரண்டையும் வைக்க இடம் போதுமா என்று ஐயரிடம் காட்டிவிட வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

சொதப்பல் உண்டு என்றேனே, அது ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. அம்மாச்சி வரவேற்புப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பின்னாலிருந்த துணியில் விரலை வைத்தார். "சந்தனம் சந்தனம்னு சொல்லி வெள்ளயத்தானடா கட்டிருக்கான்?" நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மேடையின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் சந்தன நிறம் வெளுத்து, படத்தில் சுத்த வெள்ளையாக விழுந்திருந்தது. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணித் துண்டை நாங்கள் தேர்ந்தெடுத்தது கடை வாசலில், நடுப்பகல் வெயிலில். நீங்கள் அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய், மேடை விளக்கைப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.